நிலையான பண வளர்ச்சி விதியா, நிலைமைக்கேற்ற தலையீடா: தேர்வில் எதை வைத்து ஒப்பிடுவது?

"அக்கா, அடுத்த மாதம் மேக்ரோ தேர்வு. 'பண அளிப்பை ஒவ்வோர் ஆண்டும் ஒரே விகிதத்தில் வளரவிடும் விதியையும், மத்திய வங்கி நிலைமைக்கேற்பத் தலையிடும் கொள்கையையும் ஒப்பிட்டு மதிப்பிடுக' மாதிரி ஒரு கேள்வி கட்டாயம் வருமாம். இரண்டுக்கும் நன்மை, தீமை என்று எழுதிப் பார்த்தேன், பயிற்சித் தாளில் 25க்கு 13தான் வந்தது. எங்கே கோட்டை விடுகிறேன்? சிங்கப்பூரை இதில் எப்படிக் கொண்டு வருவது?"

தம்பி, நன்மை தீமைப் பட்டியல்தான் உங்கள் மதிப்பெண்ணைத் தின்கிறது. மாலை வகுப்புகளில் நான் திருத்திய தாள்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கும்: இடப்பக்கம் விதியின் நன்மை நாலு, வலப்பக்கம் தலையீட்டின் நன்மை நாலு, கடைசியில் 'இரண்டும் கலந்தால் நல்லது'. இரண்டு பக்கமும் ஒரு இடத்தில்கூட மோதிக்கொள்வதில்லை, அதனால் ஒப்பீடே நடக்கவில்லை. இந்த இரண்டு தரப்பும் உண்மையில் மோதிக்கொள்ளும் இடம் ஒன்றே ஒன்று: நமக்கு எது தெரியாது என்பது. விதி சொல்பவர்கள், பணம் கைமாறும் வேகம் ஓரளவு ஒழுங்காக நகரும் என்று நம்பி அதன்மேல் பந்தயம் கட்டுகிறார்கள். தலையிடச் சொல்பவர்கள், பொருளாதாரம் ஓர் ஆண்டு கழித்து எங்கே இருக்கும் என்று பயன்படும் அளவுக்காவது கணிக்க முடியும் என்று பந்தயம் கட்டுகிறார்கள். கட்டுரை முழுவதும் இந்த இரண்டு பந்தயத்தையும் விடாமல் பிடித்துக்கொண்டு போனால் போதும், மற்றதெல்லாம் அதற்குள் வந்து உட்காரும்.

முதலில் விதி. `MV = PY` உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் அதை வளர்ச்சி விகிதமாக மாற்றி எழுதுங்கள்: பணம் M-இன் வளர்ச்சியும், அது கைமாறும் சுழற்சி வேகம் V-இன் வளர்ச்சியும் சேர்ந்தால், விலைவாசி P-இன் உயர்வும் உற்பத்தி Y-இன் வளர்ச்சியும் சேர்ந்த தொகைக்குச் சமம். உற்பத்தி நீண்ட காலத்தில் ஆண்டுக்கு 3 விழுக்காடு வளர்கிறது, சுழற்சி வேகம் ஆண்டுக்கு 1 விழுக்காடு மெதுவாகக் குறைகிறது என்றால், பணத்தை 4 விழுக்காடு வளரவிட்டால் விலை ஏறாது, இறங்காது. பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மன் 1960-ல் 3 முதல் 5 விழுக்காடு என்று சொன்னது இப்படிப்பட்ட கணக்கை வைத்துத்தான். அந்த எண் 3 ஆ 5 ஆ என்பது அவருக்கு இரண்டாம் பட்சம். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மந்தம் வந்தாலும் மாற்றாமல் விடு என்பதுதான் அவருக்கு முக்கியம்.

'மாற்றாமல் விடு' என்றதும் நிறையப் பேர், விதி என்றால் மத்திய வங்கி கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. 1929 முதல் 1933 வரை அமெரிக்காவில் மக்கள் கையிலும் வங்கிக் கணக்கிலும் இருந்த மொத்தப் பணம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சுருங்கியது என்று ஃப்ரீட்மனும் அன்னா ஸ்வார்ட்ஸும் 1963-ல் காட்டினார்கள். அதே காலத்தில் மத்திய வங்கி வெளியிட்ட அடிப்படைப் பணம் குறையவில்லை, கூடத்தான் செய்தது. வங்கிகள் விழ விழ மக்கள் வைப்பை எடுத்து ரொக்கமாக வைத்துக்கொண்டார்கள், மிஞ்சிய வங்கிகளும் கடன் கொடுக்காமல் கையிருப்பைப் பெருக்கின, அதனால் மேலே கட்டியிருந்த வைப்புகள் சரிந்தன. அன்று பண அளிப்பை 4 விழுக்காட்டில் பிடித்து நிறுத்த வேண்டும் என்று விதி இருந்திருந்தால், மத்திய வங்கி அடிப்படைப் பணத்தைப் பெருமளவு கொட்டியிருக்க வேண்டும். ஆக, விதியைக் காப்பதற்கே கடும் உழைப்பு வேண்டும். இந்த ஒரு வரியை உங்கள் தாளில் தெளிவாக எழுதினால், திருத்துபவர் அங்கேயே பேனாவை நிறுத்திக் கவனிப்பார்.

இப்போது தலையீட்டின் பக்கம், அதாவது நேரத்தின் மேல் கட்டும் பந்தயம். இங்கே எல்லாரும் 'தாமதம் நீளமானது, மாறிக்கொண்டே இருப்பது' என்ற ஃப்ரீட்மன் சொற்றொடரை எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறார்கள். அவர் 1953-லேயே இதை ஒரு சின்னக் கணக்காகவே போட்டிருக்கிறார், அதை நீங்கள் அப்படியே போட்டுக் காட்டலாம். தலையீடே இல்லாவிட்டால் வருமானம் ஆடும் ஆட்டத்தை X என்று வையுங்கள். கொள்கை தன் பங்குக்குச் சேர்க்கும் ஆட்டம் Y, இது மேலே வந்த உற்பத்தி Y இல்லை. நாம் கண்ணால் பார்ப்பது Z, இரண்டின் கூட்டுத்தொகை.

```
Var(Z) = Var(X) + Var(Y) + 2·r·SD(X)·SD(Y)
```

இதில் Var என்பது வேரியன்ஸ், SD என்பது திட்ட விலக்கம், r என்பது X, Y இரண்டுக்கும் உள்ள ஒட்டுறவு. எண்ணை வைத்துப் பார்ப்போம். தலையீடு இல்லாதபோது திட்ட விலக்கம் 2 என்றால் வேரியன்ஸ் 4. கொள்கையின் திட்ட விலக்கம் 1. கொள்கை ஒவ்வொரு முறையும் மிகச் சரியான நேரத்தில் எதிர்த்திசையில் வேலை செய்தால் r = -1, விடை 4 + 1 - 4, அதாவது 1. அருமை, ஆட்டம் நாலில் ஒரு பங்காகிவிட்டது. r = -0.5 என்றால் 4 + 1 - 2, அதாவது 3. r = -0.25 என்றால் 4 + 1 - 1, மறுபடி 4, அத்தனை உழைத்தும் ஒன்றும் நடக்கவில்லை. r = 0 என்றால் 5. கொள்கை போட்டவர் நல்லெண்ணத்தோடுதான் போட்டார், பாதி நேரம் சரியாகவும் போட்டார், ஆனாலும் பொருளாதாரம் முன்பைவிட அதிகமாக ஆடுகிறது. 'பாதிக்குப் பாதி சரி' என்பது நடுநிலை இல்லை, அது கேடு. ஃப்ரீட்மன் வாதத்தின் உயிர் இதுதான்.

r ஏன் மோசமாகும்? தாமதத்தால். ஒரு வணிகச் சுழற்சி, மேலே ஏறிக் கீழே இறங்கி மறுபடி புறப்பட்ட இடத்துக்கு வர நாலு ஆண்டு எடுக்கிறது, அது சீரான அலையாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மத்திய வங்கி இன்றைய நிலையைப் பார்த்து எதிர்த்திசையில் தள்ளுகிறது, ஆனால் புள்ளிவிவரம் வர, கூட்டம் போட்டு முடிவெடுக்க, வட்டி மாற்றம் கடன் வாங்குபவரையும் முதலாளியையும் எட்ட, எல்லாம் சேர்ந்து ஓர் ஆண்டு ஆகிறது. நாலாண்டு அலையில் ஓர் ஆண்டு என்பது கால் சுற்று, கால் சுற்று தள்ளிப்போனால் r சரியாகப் பூச்சியம். ஒன்றரை ஆண்டு ஆனால் r = +0.7, அதாவது ஏறுகிற வண்டியை மேலும் தள்ளுகிறோம், இறங்குகிற வண்டியை மேலும் இழுக்கிறோம். ஆறே மாதம் என்றால் r = -0.7, நல்ல பலன்.

இதிலிருந்து இரண்டு விஷயம் கிடைக்கிறது, இரண்டும் தலையீட்டுப் பக்கத்துக்குச் சாதகம், அதனால் நேர்மையாக எழுத வேண்டும். ஒன்று, அதே ஓர் ஆண்டுத் தாமதம் எட்டாண்டு அலையில் வந்தால் அது எட்டில் ஒரு சுற்றுதான், r மறுபடி -0.7. ஆகவே சின்னச் சின்ன ஆட்டத்துக்கெல்லாம் ஓடிப்போய் மருந்து போடக் கூடாது, நீண்ட மந்தத்தில் தலையிடலாம் என்ற வேறுபாடு கணக்கிலிருந்தே பிறக்கிறது. இரண்டாவது, மத்திய வங்கி இன்றைய நிலையை மட்டும் பார்ப்பதில்லை, முன்கணிப்பும் வைத்திருக்கிறது. ஆறு மாதம் முன்னால் ஓரளவு சரியாகக் கணிக்க முடிந்தால் ஓர் ஆண்டுத் தாமதம் நடைமுறையில் ஆறு மாதமாகச் சுருங்கும். அதனால்தான் முதலிலேயே சொன்னேன், தலையீட்டின் பந்தயம் முன்கணிப்பின் மேல்தான்.

தலையீட்டுக்காரர் இன்னொரு கேள்வி கேட்பார்: r பலவீனமாக இருந்தால் அளவைக் குறைத்துச் செய்யலாமே, ஏன் அடியோடு விட வேண்டும்? மேலே உள்ள கணக்கில் r = -0.5 ஆக வைத்து, கொள்கையின் அளவை 1-லிருந்து 2 ஆக்கிப் பாருங்கள்: 4 + 4 - 4 = 4, பலன் போய்விட்டது. அளவு 1 ஆக இருந்தபோது 3. அதுதான் அந்த r-க்குக் கிடைக்கும் மிகச் சிறந்த விடையும்கூட. r எவ்வளவோ அதன் வர்க்கம்தான் குறைக்க முடிந்த பங்கு, -0.5 என்றால் கால் பங்கு, அதற்கு மேல் எந்த மேதையாலும் முடியாது. எனவே தலையிடுபவர் செய்யக்கூடிய தவறுகளில் திசைத் தவறைவிட அளவுத் தவறு குறைந்ததில்லை. வில்லியம் பிரெய்னார்டு 1967-ல் இதே கருத்தை வேறு பாதையில் சொன்னார்: கொள்கையின் பலம் எவ்வளவு என்று உறுதியாகத் தெரியாதபோது மெதுவாகச் செய், ஆனால் செய். ஃப்ரீட்மன் தரப்பின் பதில், அந்த r எவ்வளவு என்றே உங்களுக்குத் தெரியாதே, பிறகு எந்த அளவை வைத்துக் குறைப்பீர்கள் என்பது. இந்த இடத்தில் இரண்டு தரப்பும் நேருக்கு நேர் மோதுகின்றன, உங்கள் கட்டுரையின் நடுப்பகுதி இங்கேதான் இருக்க வேண்டும்.

சரி, விதியின் பந்தயத்துக்கு வருவோம். மேலே கணக்குப் போடும்போது நாம் ஒன்றைச் சத்தமில்லாமல் ஒப்புக்கொண்டுவிட்டோம்: தலையிடாவிட்டால் Y பூச்சியம் என்று. பண வளர்ச்சியை நிலையாக வைத்தால் Y பூச்சியமாகுமா? சுழற்சி வேகம் ஒழுங்காக இருந்தால்தான் ஆகும். வேகம் துள்ளினால், பணத்தை அசையாமல் வைத்திருப்பதே செலவைத் துள்ள வைக்கும்.

வேகம் ஏன் துள்ளும் என்பதைப் பக்கத்திலிருந்து பார்க்க ஒரு சம்பவம். எங்கள் மாமா ஒருவருக்குத் தேக்கா பக்கம் மளிகைக் கடை, கடையின் நடப்புக் கணக்கில் எப்போதும் ஒரு 40,000 வெள்ளி சும்மா கிடக்கும். 2022 கடைசியில் நிரந்தர வைப்பு வட்டியெல்லாம் ஏறியபோது அதை எடுத்து ஓராண்டு நிரந்தர வைப்பில் போட்டார். அவர் ஒரு மூட்டை அரிசி கூடுதலாகவும் வாங்கவில்லை, குறைவாகவும் வாங்கவில்லை. ஆனால் சிங்கப்பூர்க் கணக்கில் எம்1 என்பது ரொக்கமும் நடப்புக் கணக்கு வைப்பும்தான், ஆகவே எம்1 40,000 வெள்ளி குறைந்தது. நிரந்தர வைப்பு எம்2-க்குள் இருப்பதால் எம்2 அசையவில்லை. அவர் மகள் அதே நேரத்தில் தன் சேமிப்பை எடுத்து அரசாங்கத்தின் ஆறு மாதக் கடன் பத்திரமான டி-பில் வாங்கினாள், அப்போது அதன் வட்டி 4 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. வைப்பு அரசாங்கத்தின் கைக்குப் போனதும் அந்தத் தொகை எம்2-விலிருந்தும் வெளியேறிவிடும். ஒரே வீட்டில் இரண்டு பேர், செலவு மாறவில்லை, ஆனால் ஒருவர் எம்1-ஐக் குறைத்தார், இன்னொருவர் எம்2-வைக் குறைத்தார். 'பணத்தை 4 விழுக்காட்டில் வளர விடு' என்ற விதியை நம்பியிருக்கும் மத்திய வங்கி இப்போது எந்தப் பணத்தைப் பார்க்கும்? குறைந்துபோனதை நிரப்ப வேண்டும் என்று அது புதுப் பணத்தை இறக்கினால், யாருக்கும் குறையாத செலவுக்கு மேல் கூடுதலாக இறக்கியதாகிவிடும்.

இதே கதை பெரிய அளவில் அமெரிக்காவில் நடந்தது, கட்டுரைக்கு இதுதான் உங்கள் முக்கியச் சான்று. 1979 அக்டோபர் 6, பால் வோல்கர் தலைமையிலான அமெரிக்க மத்திய வங்கி, இனி வட்டியைக் குறிவைக்காமல் வங்கிகளின் கையிருப்பு வழியாகப் பண வளர்ச்சியைக் கட்டுப்படுத்துவதாக அறிவித்தது. பணவீக்கம் 1980-ல் 14 விழுக்காட்டைத் தாண்டியது, பிறகு 1983-ல் ஏறக்குறைய 3-க்கு வந்தது. விலையும் கொடுத்தார்கள், 1982 கடைசியில் வேலையின்மை 10.8 விழுக்காடு. இதுவரை எல்லாரும் எழுதுவார்கள். எழுதாமல் விடுவது இதற்குப் பிறகு நடந்ததை. 1981 தொடக்கத்திலிருந்து நாடு முழுக்க வட்டி தரும் செக் கணக்குகள் அனுமதிக்கப்பட்டன. மக்கள் சேமிப்புப் பணத்தையும் அதில் போட்டு வைத்தார்கள், அது எம்1 கணக்கில் சேர்ந்தது, பணவீக்கமும் வட்டியும் இறங்க இறங்கப் பணத்தைக் கையில் வைத்திருப்பதன் செலவும் குறைந்தது. பல பத்தாண்டுகளாக ஆண்டுக்குச் சுமார் 3 விழுக்காடு கூடிக்கொண்டே வந்த எம்1 சுழற்சி வேகம் கீழே திரும்பியது. 1982 அக்டோபரிலேயே மத்திய வங்கி எம்1-க்குக் கொடுத்த முக்கியத்துவத்தைக் குறைத்துவிட்டது.

1986-ஐ மட்டும் எடுத்துக் கணக்குப் போடுங்கள். அந்த ஆண்டு எம்1 ஏறக்குறைய 17 விழுக்காடு வளர்ந்தது. விலைவாசி உயர்வு 2 விழுக்காட்டுக்குக் கீழே, பண மதிப்பில் மொத்த உற்பத்தி சுமார் 5 விழுக்காடு கூடியது. அப்படியானால் வேகம் ஏறக்குறைய 12 விழுக்காடு சரிந்திருக்கிறது. அந்த ஆண்டு எம்1-ஐ 4 விழுக்காட்டில் பிடித்து வைத்திருந்தால், வேகமும் அதே அளவு சரிந்திருந்தால், பண மதிப்பில் வருமானம் ஏறக்குறைய 8 விழுக்காடு குறைந்திருக்க வேண்டும், அது பெருமந்தத்தின் சாயல். ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கையைச் சேர்த்தே எழுதுங்கள்: பணத்தை அப்படி இறுக்கியிருந்தால் வட்டி ஏறியிருக்கும், ஏறினால் மக்கள் கையிருப்பைச் சுருக்கியிருப்பார்கள், வேகம் அந்த அளவு சரிந்திருக்காது. ஆகவே 8 என்ற எண்ணைத் தீர்ப்பாக வைக்க வேண்டாம், எந்தத் திசையில் எவ்வளவு பெரிய ஆபத்து என்று காட்டினால் போதும்.

ஃப்ரீட்மனுக்கு நியாயம் செய்ய வேண்டும். 1979 முதல் 1982 வரை நடந்தது தன் விதியின் சோதனையே இல்லை, பண வளர்ச்சி முன்பைவிட அதிகமாகக் குதித்தது என்று அவர் தரப்பு சொன்னது, அது உண்மைதான். நிலையான வளர்ச்சி அறிவிக்கப்பட்டதே தவிர நடத்திக் காட்டப்படவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எம்1 வேகமாக வளர்ந்ததைப் பார்த்து, பணவீக்கம் விரைவில் திரும்பும் என்று அவர் 1983-ல் எச்சரித்ததும் நடக்கவில்லை. கணிக்க முடியாது என்று மற்றவர்களிடம் சொன்னவருக்கும் சுழற்சி வேகத்தைக் கணிக்க முடியவில்லை என்பதுதான் இங்கே ஒப்பீட்டின் மையம். இரண்டு பந்தயமும் ஒரே வகை அறியாமையில் தடுக்கி விழுகின்றன.

இங்கே சார்ல்ஸ் குட்ஹார்ட் 1975-ல் சொன்னது பொருந்தும்: புள்ளிவிவரத்தில் தெரியும் ஓர் ஒழுங்கை, கட்டுப்பாட்டுக்காகப் பிடித்து அழுத்தினால் அது குலைந்துவிடும். பிரிட்டன் 1980-ல் விரிபணத்துக்கு, அதாவது வங்கி வைப்புகளையும் சேர்த்த பண அளவுக்கு, 7 முதல் 11 விழுக்காடு என்று இலக்கு வைத்தது, நடந்தது அதைத் தாண்டி வெகு தூரம் போய்விட்டது, அதே வேளையில் நாடு கடும் மந்தத்தில் இருந்தது. பணம் 'தளர்வு' என்கிறது, வேலையின்மை 'இறுக்கம்' என்கிறது. பண அளவு ஒன்று சொல்ல வட்டியும் நாணய மாற்றும் வேலையின்மையும் வேறு சொன்னால், வேகம் உடைந்துவிட்டது என்று கண்டுகொள்ளும் அறிகுறி அதுதான்.

தலையீட்டின் தோல்வியையும் இதே அளவு நெருங்கிப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஒருதலைப்பட்சம். 1970-களில் அமெரிக்க மத்திய வங்கி தலையிட்டது, கணிக்கவும் செய்தது, தவறு எங்கே வந்தது? உற்பத்தித் திறனின் வளர்ச்சி குறைந்துவிட்டதை அது காலத்தில் உணரவில்லை. பொருளாதாரத்தால் எவ்வளவு உற்பத்தி செய்ய முடியும் என்ற மதிப்பீடு மிக உயரமாக இருந்தது, அதனால் உண்மையில் இல்லாத ஒரு மந்தம் இருப்பதாகத் தெரிந்தது, அதை நிரப்பப் பணம் தளர்த்தப்பட்டது. அத்தனாசியோஸ் ஆர்ஃபனைடிஸ் பின்னாளில் அந்த நாட்களில் கையில் இருந்த புள்ளிவிவரங்களையே எடுத்துப் பார்த்துக் காட்டியது இதுதான்: பின்னால் திருத்தப்பட்ட எண்களை வைத்துப் பார்த்தால் முட்டாள்தனமாகத் தெரியும் முடிவு, அன்றைய எண்களில் நியாயமாகவே தெரிந்தது. நம் கணக்கில் சொன்னால், தாமதம் மட்டும் இல்லை, X-இன் அளவே தவறாகத் தெரிந்தது.

இன்னொரு குழப்பத்தையும் தாளில் தீர்த்துவிடுங்கள், பலர் இதிலேயே மதிப்பெண் இழக்கிறார்கள். 'விதி' எதிர் 'விருப்பப்படி முடிவு' என்பது ஒரு கேள்வி. 'அசையாதது' எதிர் 'நிலைமைக்கேற்ப அசைவது' என்பது வேறு கேள்வி. ஜான் டெய்லர் 1993-ல் கொடுத்தது ஒரு விதிதான், ஆனால் பணவீக்கமும் உற்பத்தி இடைவெளியும் மாறும்போது வட்டியும் எவ்வளவு மாற வேண்டும் என்று அதுவே சொல்கிறது, அதாவது அசையும் விதி. கிட்லாண்டும் பிரெஸ்காட்டும் 1977-ல் வைத்த வாதம், மத்திய வங்கி இன்று சொன்ன வாக்கை நாளை மீறத் தூண்டப்படும் என்பது, விருப்பப்படி முடிவெடுப்பதைத்தான் தாக்குகிறது. தலையீட்டை முழுவதுமாக அது தாக்கவில்லை. அந்த வாதத்தை நிலையான பண வளர்ச்சிக்கு ஆதரவாக நேரடியாக எழுதினால், திருத்துபவர் ஓரத்தில் கேள்விக்குறி போடுவார், நானும் போட்டிருக்கிறேன். தேர்வுக் கேள்வியில் இந்த இரண்டில் எது கேட்கப்பட்டிருக்கிறது என்று முதல் பத்தியிலேயே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

இனி சிங்கப்பூர். பலர் கடைசிப் பத்தியில் 'சிங்கப்பூரும் தலையிடுகிறது' என்று ஒட்டவைக்கிறார்கள், அதற்கு மதிப்பெண் கிடைக்காது. சிங்கப்பூர் நாணய ஆணையம் 1981 முதல் பண அளவையும் குறிவைப்பதில்லை, வட்டியையும் குறிவைப்பதில்லை, வணிகக் கூட்டாளி நாடுகளின் நாணயக் கூடைக்கு எதிரே வெள்ளியின் மதிப்பை ஒரு பட்டைக்குள் நிர்வகிக்கிறது. காரணம் எளிது: நம் வெளிநாட்டு வர்த்தகம் மொத்த உள்நாட்டு உற்பத்தியைப் போல மூன்று மடங்கு, வாங்கும் பொருளில் பெரும்பகுதி இறக்குமதி, அதனால் விலைவாசியை எட்டும் குறுக்குவழி நாணய மாற்றுதான். மூலதனம் தடையின்றி வந்து போகும் ஊரில் நாணய மதிப்பைக் கையில் வைத்துக்கொண்டால், உள்நாட்டு வட்டியும் பண அளவும் நம் கையில் இருக்காது, வெளியிலிருந்து பணம் வரவர அதுவாக மாறிக்கொள்ளும். ஆகவே இங்கே நிலையான பண வளர்ச்சி விதி நல்லதா கெட்டதா என்பதற்கு முன்னால், அது சாத்தியமே இல்லை. அதை வைத்திருக்க வேண்டுமானால் நாணயத்தை மிதக்கவிட வேண்டும், வெளியூர்ப் பணம் உள்ளே பாயும்போதெல்லாம் வெள்ளி துள்ளும், இறக்குமதி அரிசி விலையும் கூடவே துள்ளும்.

ஆனால் ஒப்பீட்டுக்கு இதைப் பயன்படுத்தலாம். அந்தப் பட்டை சாதாரண காலத்தில் மெல்ல ஏறும் சரிவாக இருக்கும், அதை ஓர் அமைதியான விதியாகப் பார்க்கலாம். அதிர்ச்சி வந்தால் சரிவு மாறும்: 2020 மார்ச்சில் சரிவைப் பூச்சியமாக்கிப் பட்டையின் மையத்தையும் கீழே இறக்கினார்கள், 2021 அக்டோபரிலிருந்து 2022 அக்டோபர் வரை ஐந்து முறை கொள்கையை இறுக்கினார்கள், அதாவது வெள்ளியை இன்னும் வலுவாக ஏறவிட்டார்கள். மூலாதாரப் பணவீக்கம் அப்படியும் 2023 ஜனவரி, பிப்ரவரியில் 5.5 விழுக்காட்டைத் தொட்டுவிட்டுத்தான் இறங்கத் தொடங்கியது. முதல் இறுக்கத்துக்கும் உச்சத்துக்கும் இடையே ஓர் ஆண்டுக்கு மேல். மேலே போட்ட தாமதக் கணக்கு நம் ஊரிலேயே கண்ணுக்குத் தெரிகிறது பாருங்கள், அதோடு, அந்த அதிர்ச்சி சில மாதங்களில் போய்விடாமல் நீண்டதால்தான் தாமதமாக வந்த மருந்தும் பயன்பட்டது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அதற்கு முன் ஆண்டுக்கு இரண்டு முறை வந்த கொள்கை அறிக்கை 2024 முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. அது தாமதத்தின் ஒரு துண்டை, முடிவெடுக்கக் காத்திருக்கும் நேரத்தை மட்டும் குறைக்கும், முடிவு விலைக்குப் போய்ச் சேரும் நேரத்தைக் குறைக்காது.

தாளில் நேரம் எப்படிப் பிரிப்பது என்று கேட்டால், 45 நிமிடக் கேள்விக்கு முதல் ஐந்து நிமிடத்தில் இரண்டு பந்தயத்தையும் அசையும், அசையாத விதி வேறுபாட்டையும் எழுதுங்கள், அடுத்த பதினைந்து நிமிடம் வேரியன்ஸ் கணக்கும் தாமதமும், அடுத்த பதினைந்து சுழற்சி வேகமும் 1979 முதல் 1986 வரையான கதையும், மிச்சத்தில் சிங்கப்பூரும் தீர்ப்பும். 1930-கள் பற்றிய வரிக்கு விதியை விளக்கும் இடத்திலேயே இடம் கொடுத்துவிடுங்கள், தனிப் பத்தி வேண்டாம். 2020, 2021-ல் அமெரிக்க எம்2 ஓராண்டில் ஏறக்குறைய 25 விழுக்காடு வளர்ந்து, 2022 ஜூனில் பணவீக்கம் 9.1 விழுக்காடு ஆனதையும் விதிக்காரர் பக்கம் ஒரு வரியில் சேர்க்கலாம், ஆனால் 2008-க்குப் பிறகு அடிப்படைப் பணம் பல மடங்கு பெருகியும் பணவீக்கம் வரவில்லை என்பதை அடுத்த வரியிலேயே வையுங்கள், தனியாக விட்டால் அரைகுறை.

தீர்ப்பை நிபந்தனையோடு எழுதுங்கள். என் தீர்ப்பைக் கேட்டால், சுழற்சி வேகம் 1980-களில் உடைந்த பிறகு நிலையான பண வளர்ச்சியை நடைமுறை விதியாக என்னால் ஆதரிக்க முடியவில்லை, ஆனால் ஃப்ரீட்மனின் 1953 கணக்கு இன்றும் உடையவில்லை, அது தலையிடுபவருக்கு எவ்வளவு சின்னதாக, எவ்வளவு நீண்ட மந்தத்துக்கு மட்டும் தலையிட வேண்டும் என்று எல்லை போடுகிறது. நீங்கள் எதிர்த் தீர்ப்பும் எழுதலாம், அப்போது எந்தப் பண அளவு, எந்த நாடு, வேகம் எந்தக் காலத்தில் ஒழுங்காக இருந்தது என்ற மூன்றையும் சொல்லிவிட்டு எழுதுங்கள். அந்த 13 மதிப்பெண் தாளைப் படம் எடுத்து அனுப்புங்கள், எந்தப் பத்தியை வெட்டலாம் என்று குறித்துத் தருகிறேன்.